டர்பனில் தையற்கடை, மாவு மில்: ஜாப் காஸ்டிங்கா, பிராசஸ் காஸ்டிங்கா?

சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ புதிதாகக் கடை போடுகிறவர்களிடம் "ஒரு உருப்படிக்கு உங்களுக்கு என்ன அடங்குகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். தையற்கடைக்காரர் துணி விலையைச் சொல்வார். மில்காரர் மக்காச்சோளம் வாங்கிய விலையைச் சொல்வார். இரண்டும் அடக்கவிலை ஆகாது. அடக்கவிலையைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு ஆர்டருக்கும் தனிச் சீட்டு போட்டுச் செலவை ஏற்றுவது ஜாப் காஸ்டிங். ஒரு மாதச் செலவையெல்லாம் திரட்டி, அந்த மாதம் வெளிவந்த சரக்கின் எடையால் வகுப்பது பிராசஸ் காஸ்டிங்.

எது யாருக்கு என்பதற்குப் பாடப்புத்தகம் தொழிலின் பெயரை வைத்துப் பதில் சொல்லும்: தையலுக்கு முதலாவது, மில்லுக்கு இரண்டாவது. பெரும்பாலும் சரிதான். ஆனால் நான் தொழிலின் பெயரைப் பார்ப்பதில்லை. முடிந்த சரக்கில் ஒன்றைக் கையில் எடுத்து, "இது யாருடையது, இதற்கு எவ்வளவு நேரம் போனது?" என்று கேட்பேன். மீனாட்சியம்மாள் மகளின் லெஹெங்கா என்று பதில் வந்தால் சீட்டு போடலாம். ஒரு கிலோ மாவை எடுத்து அதே கேள்வியைக் கேட்டால் பதில் கிடையாது. எந்த மூட்டைச் சோளம் அது என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்லியும் பயனில்லை. கலந்துபோகும் சரக்குக்கு மாதக் கணக்கு, கலக்காத சரக்குக்குச் சீட்டு.

கீழே வரும் விலைகளும் கூலிகளும் கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் பில்களைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

தையற்கடை: முதலில் ஒரு மணி நேரத்தின் விலை

சீட்டு எழுதுவதற்கு முன் இரண்டு எண்கள் கையில் இருக்க வேண்டும். தையல்காரரின் ஒரு மணி நேரத்துக்கு உண்மையில் என்ன ஆகிறது, அந்த ஒரு மணி நேரத்தின்மேல் கடைச் செலவு எவ்வளவு ஏறுகிறது என்பவை.

கூலியை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 35 ராண்ட் கொடுக்கிறீர்கள் என்றால் 35 என்று எழுதிவிடாதீர்கள். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி வருடத்துக்குத் தொடர்ச்சியாக 21 நாள் சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றால் அது 15 வேலை நாள். பொது விடுமுறைகள் வருடத்துக்கு 12. யூ.ஐ.எஃப். நிதிக்கு முதலாளி பங்கு 1 சதவீதம். இந்த நாட்களில் தையல் நடக்காது, சம்பளம் மட்டும் போகும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 35 ராண்ட் ஏறக்குறைய 40 ஆகிவிடும். சீட்டில் எழுத வேண்டியது 40.

அடுத்தது கடைச் செலவு. மாத வாடகை 4,500, மின்சாரம் 1,200, நூல், ஊசி, மெஷின் சர்வீஸ் 700, தண்ணீரும் போனும் 400. மொத்தம் 6,800 ராண்ட். மூன்று தையல்காரர்கள், ஆளுக்கு 160 மணி, ஆக 480 மணிக்குச் சம்பளம் போகிறது. ஆனால் 480 மணியும் துணியின்மேல் கை இருப்பதில்லை. வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது, பாபின் சுற்றுவது, கரண்ட் போய் உட்கார்ந்திருப்பது எல்லாம் கழிந்து, துணியில் நடக்கும் வேலை 400 மணி என்று வையுங்கள். மீதி 80 மணிக்கும் 40 ராண்ட் வீதம் 3,200 போயிருக்கிறது. அது எந்த ஆர்டருக்கும் சொந்தமில்லை, ஆகவே கடைச் செலவோடு சேரும். 6,800 + 3,200 = 10,000. அதை 400 மணியால் வகுத்தால் மணிக்கு 25 ராண்ட்.

480 மணியால் வகுத்தால் கணக்கு கெட்டது. மணிக்குச் சுமார் 21 ராண்ட்தான் வரும், கடைச் செலவில் ஆறில் ஒரு பங்கு எந்தச் சீட்டிலும் ஏறாமல் உங்கள் பையிலிருந்து போகும். சீட்டில் ஏறப்போகும் மணி எத்தனையோ அத்தனையால்தான் வகுக்க வேண்டும்.

ஒரு மாதம் ஆர்டர் குறைந்து 300 மணிதான் வேலை நடந்தது என்றால்? மணி விகிதத்தை உயர்த்தி வந்த நாலு வாடிக்கையாளர் தலையில் கட்டாதீர்கள். வழக்கமான 400 மணியை வைத்துப் போட்ட 25 அப்படியே இருக்கட்டும். ஏறாமல் நிற்கும் 100 மணிக்கான கடைச் செலவு 2,500, வேலை இல்லாமல் போன சம்பளம் 4,000, ஆக 6,500 ராண்ட் அந்த மாதத்து நட்டம். கணக்கியல் தரமும் இதையேதான் சொல்கிறது: நிலையான செலவை வழக்கமான உற்பத்தித் திறனை வைத்தே பங்கிட வேண்டும்.

ஒரு லெஹெங்காவின் சீட்டு

கல்யாணத்துக்கு லெஹெங்கா பாவாடையும் பிளவுஸும், துணி நம்முடையது. சீட்டில் மேலே ஆர்டர் எண், பெயர், தேதி, கொடுக்க வேண்டிய நாள். கீழே மூன்று பகுதிகள்.

பொருள்: ராசில்க் 5 மீட்டர், மீட்டர் 140 வீதம் 700. லைனிங் 5 மீட்டர், 30 வீதம் 150. உள்ளே விறைப்பாக நிற்க நெட் 3 மீட்டர், 25 வீதம் 75. ஜிப், கொக்கி, லேஸ் 125. ஆக 1,050 ராண்ட். நீங்கள் வாட் பதிவு செய்தவர் என்றால் வாங்கும்போது கட்டிய 15 சதவீத வாட்டைத் திரும்பக் கோரலாம், ஆகவே அதைக் கழித்த விலையை எழுதுங்கள். பதிவு செய்யாதவர் என்றால் வாட்டும் உங்கள் செலவே, முழு விலையை எழுதுங்கள்.

நேரம்: வெட்ட 2 மணி, தைக்க 9, கைவேலை 5, போட்டுப் பார்த்துத் திருத்தி முடிக்க 2. ஆக 18 மணி, 40 வீதம் 720 ராண்ட்.

கடைச் செலவு: அதே 18 மணி, 25 வீதம் 450 ராண்ட்.

மொத்தம் 2,220. இதற்கு 2,500 வாங்கினால் 280 நிற்கும். இதே வேலைக்குப் பக்கத்துக் கடைக்காரர் எப்படிக் கணக்குப் போடுவார் தெரியுமா? துணி 1,050, மெஷினில் தைத்த 9 மணிக்கு 360, ஆக 1,410. "1,900 வாங்கினால் ஐந்நூறு நிற்கும்" என்று நினைப்பார். உண்மையில் 320 ராண்ட் கையை விட்டுப் போகும். கடைச் செலவை அவர் சேர்க்கவே இல்லை, வெட்டுவதும் கைவேலையும் திருத்துவதும் அவர் கண்ணில் வேலையாகவே படவில்லை. தையற்கடைச் சீட்டுகளில் காணாமல் போகிற மணி எப்போதும் இந்த மூன்றில்தான் இருக்கும்.

ஆகவே நேரத்தைக் கடைசியில் நினைவில் வைத்து எழுதாதீர்கள். சீட்டை அந்தத் துணியோடு ஒரே பையில் வையுங்கள். துணியைக் கையில் எடுப்பவர் மணியைக் குறிக்கட்டும், வைக்கும்போது மீண்டும் குறிக்கட்டும். இரண்டு வாரம் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும். வாடிக்கையாளர் தன் துணியைக் கொண்டுவந்தால் பொருள் பகுதியில் லைனிங்கும் ஜிப், கொக்கி போன்றவையும் மட்டும் இருக்கும். ஆனால் நேரமும் கடைச் செலவும் ஒரு மணிகூடக் குறையாது. "துணி என்னுதுதானே அக்கா, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்பவரிடம் காட்ட இந்தச் சீட்டு கையில் இருப்பது நல்லது.

மறுவேலை யார் கணக்கில்?

கை இறுக்கமாக வந்து, பிரித்துத் தைக்க மூன்று மணி போகிறது. 40-ம் 25-ம் சேர்த்து மணிக்கு 65, ஆக 195 ராண்ட். இதை எங்கே எழுதுவது?

வாடிக்கையாளர் மனம் மாறிக் கையை ஏற்றச் சொன்னார் என்றால் அந்தச் சீட்டில் ஏற்றி, தனியே பணமும் கேளுங்கள். வெல்வெட் போன்ற வழுக்கும் துணி, எப்படித் தைத்தாலும் ஒரு தடவை பிரிக்க வேண்டி வரும் என்றால் அதுவும் அந்தச் சீட்டுக்கே சொந்தம், ஏனென்றால் அந்தத் துணியைத் தேர்ந்ததால் வந்த செலவு அது. எல்லாக் கடையிலும் நடக்கும் சாதாரணத் தவறு என்றால் கடைச் செலவில் போடுங்கள். அளவு கேட்டு எழுதியவர் வேறொருவர் அளவை எழுதிவிட்டார், முழுப் பிளவுஸும் வீண் என்றால் அது எந்தச் சீட்டிலும் சேராது. அந்த மாத நட்டமாகத் தனியே நிற்கட்டும். சீட்டுக்குள் ஒளித்தால் லெஹெங்கா தைப்பதே நட்டம் என்று தப்பாக முடிவு செய்துவிடுவீர்கள்.

இங்கே பள்ளி ஜனவரியில் தொடங்குகிறது. நவம்பர், டிசம்பரில் 60 சாம்பல் நிறப் பேன்ட் ஒரே தடவையில் தைப்பீர்கள். ஒவ்வொரு பேன்ட்டுக்கும் சீட்டு எழுதுவது வீண் வேலை. 60-க்கும் ஒரே சீட்டு, மொத்தத்தை 60-ஆல் வகுத்தால் போதும். இதுவும் ஜாப் காஸ்டிங்தான், 60 பேன்ட் சேர்ந்து ஒரே ஆர்டராக நிற்கிறது, அவ்வளவே.

மாவு மில்: எடையைப் பின்தொடர்வது

மீலி மீல் அரைக்கும் ஒரு சிறிய மில்லை எடுத்துக்கொள்வோம். வெள்ளை மக்காச்சோளம் வருகிறது. சுத்தம் செய்து, தண்ணீர் தெளித்து ஊறவைத்து, முளையையும் உமியையும் பிரித்து, உருளையில் அரைத்து, சலித்து, மூட்டை கட்டுகிறார்கள். சூப்பர் என்று விற்கும் வெள்ளை மாவு, சோளத்தின் எடையில் ஏறக்குறைய 62.5 சதவீதம்தான் வரும். மீதியில் பெரும்பகுதி ஹாமினி சாப், அதாவது முளையும் உமியும் கலந்த மாட்டுத் தீவனம். கொஞ்சம் தூசியாகவும் ஈரமாகவும் போய்விடும்.

மாதத்துக்கு 20,000 கிலோ சோளம், கிலோ 4 ராண்ட், ஆக 80,000. சம்பளம் 16,000, மின்சாரம் 9,000, வாடகையும் மெஷின் தேய்மானமும் 7,000, சல்லடையும் சட்டப்படி கலக்க வேண்டிய வைட்டமின் கலவையும் 2,000. அரைக்கும் செலவு மொத்தம் 34,000. உள்ளே போன பணம் 1,14,000 ராண்ட்.

வெளியே வருவது: மாவு 12,500 கிலோ, சாப் 7,000 கிலோ, இழப்பு 500 கிலோ. சாப் கிலோ 2 ராண்டுக்குப் போகிறது, ஆக 14,000. சாப்புக்காக யாரும் மில் நடத்துவதில்லை, அது துணைப் பொருள். அதனால் அதன் வரவைச் செலவிலிருந்து கழித்துவிடுங்கள். 1,14,000 − 14,000 = 1,00,000. அதை மாவின் எடையான 12,500-ஆல் வகுத்தால் கிலோ 8 ராண்ட்.

புதியவர்கள் சறுக்கும் இடம் இந்த வகுத்தல். 1,14,000-ஐ உள்ளே போன 20,000 கிலோவால் வகுத்தால் 5.70 வரும். "7 ராண்டுக்கு விற்றால் நல்ல லாபம்" என்று தோன்றும், கிலோவுக்கு ஒரு ராண்ட் நட்டத்தில் மில் ஓடிக்கொண்டிருக்கும். தூசியாகப் போன 500 கிலோவின் விலையையும் மீதி மாவே சுமக்க வேண்டும். எப்படி அரைத்தாலும் போகிற இழப்பு அது, அதற்கென்று தனி வரி எழுத வேண்டாம்.

இன்னொன்றும் இதில் தெரியவரும். சாப் விலை கிலோ 2-லிருந்து 1 ராண்டுக்கு விழுந்தால் 7,000 ராண்ட் வரவு குறையும், மாவின் அடக்கம் கிலோவுக்கு 56 சென்ட் ஏறும். சோளம் விலை மாறவில்லை, மின்கட்டணம் மாறவில்லை, ஆனாலும் மாவு விலை மாறுகிறது. தீவனச் சந்தையைப் பார்க்காத மில்காரருக்கு இது பிடிபடாது.

மாவு குறைந்தால்

அடுத்த மாதம் அதே 20,000 கிலோ சோளம், ஆனால் மாவு 12,200 கிலோதான். 300 கிலோ எங்கே? முதலில் சாப்பை எடை போடுங்கள். அது 7,300 ஆகியிருந்தால் மாவு தீவனத்தோடு போயிருக்கிறது. ஒரு கை சாப்பை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். நன்றாகப் பிரிந்த சாப்பில் உமிச் செதில் தனியே தெரியும். மாவு ஒட்டிய சாப் கையில் வெள்ளையாகப் பூசிக்கொள்ளும். முளை பிரிக்கும் மெஷினின் இடைவெளி மாறியிருக்கும், அல்லது உருளை தேய்ந்திருக்கும், அல்லது ஊறல் சரியில்லாமல் உமி பிரிய மறுத்திருக்கும். சாப் எடை கூடவில்லை என்றால் வேறு இடத்தில் தேடுங்கள்: ஓட்டை மூட்டை, தராசு, கதவு.

கணக்கில் இந்த 300 கிலோ இயல்பான இழப்பு அல்ல. அதையும் மீதி மாவின் தலையில் கட்டினால் அடக்கம் ஏறும், விலையும் ஏறும், கோளாறு யார் கண்ணிலும் படாது. ஆகவே 300 கிலோவையும் வழக்கமான 8 ராண்டில் மதிப்பிடுங்கள், 2,400 ராண்ட். அந்த 300 கிலோ சாப்பாக விற்றதில் 600 திரும்பி வந்தது. மீதி 1,800 ராண்ட் அந்த மாத நட்டமாகத் தனியே நிற்கட்டும். 12,200 கிலோ மாவு அதே 8 ராண்டில், 97,600 என்று இருப்பில் நிற்கும். மெஷின் சரிசெய்ய ஆள் கூப்பிடலாமா என்று யோசிக்கும்போது அந்த 1,800 உங்கள் கண்முன் இருக்கும்.

மாதக் கடைசியில் பாதி அரைத்த சரக்கு தொட்டியில் கிடந்தால் ஒரு சிக்கல் உண்டு. சுத்தம் செய்து ஊறவைத்த, இன்னும் அரைக்காத 2,000 கிலோ என்று வையுங்கள். சோளச் செலவைப் பொறுத்தவரை அது முழு 2,000 கிலோ. அரைக்கும் வேலையில் கால் பங்குதான் நடந்திருக்கிறது என்றால், அரைக்கும் செலவுக்கு அது 500 கிலோவுக்குச் சமம். பெரிய மில்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்படிச் சமான அலகு போட்டே ஆக வேண்டும். சிறிய மில்லுக்கு என் யோசனை வேறு: மாதத்தின் கடைசி நாள் சாயங்காலம் தொட்டியைக் காலி செய்துவிட்டு எடை போடுங்கள். அரை நாள் போகும், தலைவலி போகும்.

இடம் மாறும் வேலைகள்

டர்பனில் தையல் என்றால் லெஹெங்கா மட்டும் அல்ல. சி.எம்.டி. வேலை என்று ஒன்று இங்கே நெடுங்காலமாக உண்டு. பெரிய கடைக்காரர் துணி அனுப்புவார், நீங்கள் வெட்டித் தைத்து முடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரே டி-சட்டை வாரக்கணக்கில் வரிசையில் ஓடும். அங்கே எந்தச் சட்டை எந்தச் சட்டை என்று கேட்பதில் அர்த்தமில்லை. வெட்டும் பிரிவு, தைக்கும் பிரிவு, முடிக்கும் பிரிவு என்று ஒவ்வொன்றின் வாரச் செலவையும் அந்தப் பிரிவைத் தாண்டிய நல்ல சட்டைகளின் எண்ணிக்கையால் வகுங்கள். துணி உங்களுடையதல்ல, ஆகவே துணி விலை உங்கள் கணக்கில் வரவே கூடாது. தையற்கடைதான், ஆனால் பிராசஸ் காஸ்டிங்.

மில்லிலும் இப்படி ஒன்று வரும். தீபாவளிக்கு முன் இனிப்புக் கடைக்காரர் ஒருவர் 100 கிலோ கடலைமாவு கேட்கிறார். சோளம் ஓடிய மெஷினை நிறுத்தி, துடைத்து, முதலில் வரும் கொஞ்ச மாவைக் கழித்துவிட்டு, பிறகு அரைக்க வேண்டும். இது மாதக் கணக்கில் கரையக் கூடாது, தனிச் சீட்டு போடுங்கள். கடலைப்பருப்பு 100 கிலோ, 28 வீதம் 2,800. துடைத்து அரைக்க நாலு மணி. மாதம் 34,000 ராண்ட் செலவில் மில் 170 மணி ஓடுகிறது என்றால் மணிக்கு 200, ஆக 800. மொத்தம் 3,600. கழித்தது போகக் கையில் 96 கிலோ, கிலோ 37.50 அடங்குகிறது.

சீட்டை எழுதியதும் மாதக் கணக்கைத் திறந்து, சோளத்துக்கான 34,000-லிருந்து இந்த 800-ஐக் கழித்து 33,200 என்று திருத்துங்கள். இல்லாவிட்டால் அதே மின்சாரத்துக்கும் சம்பளத்துக்கும் கடலைமாவும் மீலி மீலும் ஆளுக்கொரு தடவை செலவு காட்டும்.